ஒணேடண்ணன் யாரென்று கேட்டவர்களுக்கு: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

பென்னாகரம் பக்கம் உங்கள் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுக்கும் ஆசிரியர் எழுதுகிறேன். மாணவர்களுக்கு ரகசிய எழுத்து கற்றுத்தரும் செயல்பாட்டை உடனே நிறுத்த வேண்டும், அதற்கான பெட்டி, பூட்டு, அட்டை எல்லாவற்றையும் தலைமையாசிரியர் அறையில் ஒப்படைக்க வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். ஒப்படைத்துவிட்டேன். தீர்மானத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று தெரியாமலே அது போடப்பட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். கேட்காததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஒரு மாணவியின் பையில் கிடைத்த துண்டுச்சீட்டில் இருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. அதில் "ஒணேடண்ணன்" என்று எழுதியிருந்தது. யார் அந்த அண்ணன், எந்த ஊர், எத்தனை நாளாகப் பழக்கம் என்று வீட்டில் அந்தப் பெண்ணைப் போட்டு வாட்டிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே சொன்ன உண்மையை யாரும் நம்பவில்லை. அந்தச் சீட்டில் இருப்பது ஒகேனக்கல். சுற்றுலா எங்கே போகலாம் என்று வகுப்பில் ஆளுக்கொரு ஊரை மறைத்து எழுதச் சொன்னேன், அவள் பக்கத்து ஊரையே எழுதினாள், அவ்வளவுதான் கதை.

எப்படி ஒகேனக்கல் ஒணேடண்ணன் ஆனது என்று சொல்கிறேன். ஒரு பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டால் நீங்களே செய்து பார்க்கலாம்.

மெய்யெழுத்து 18. வட்டம் 360 பாகை. பதினெட்டால் வகுத்தால் ஓர் எழுத்துக்குச் சரியாக 20 பாகை கிடைக்கிறது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் பெரிதாக ஒரு வட்டம், சிறிதாக ஒரு வட்டம் வெட்டி, பாகைமானி வைத்து இரண்டையும் பதினெட்டாகப் பிரித்து, க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்று வரிசையாக எழுத வேண்டும். சின்ன வட்டத்தைப் பெரியதன் மேல் வைத்து நடுவில் ஒரு குண்டூசி குத்தினால் சக்கரம் தயார். சின்னதை ஐந்து இடம் நகர்த்தினால் க இருக்கும் இடத்தில் ண வந்து நிற்கும், ல இருக்கும் இடத்தில் ன வந்து நிற்கும். வட்டமாகச் சுற்றுவதால் கடைசியில் இருக்கும் ன, ட ஆகிவிடும். உயிரெழுத்தையும் கால், கொம்பு, புள்ளியையும் தொடுவதில்லை. அதனால் ஒ அப்படியே நிற்கிறது, கே ணே ஆகிறது, ன ட ஆகிறது, க்க ண்ண ஆகிறது, ல் ன் ஆகிறது. எத்தனை இடம் நகர்த்தினோம் என்ற எண்தான் சாவி, இங்கே அது ஐந்து. ஜ, ஸ, ஷ, ஹ போன்றவை சக்கரத்தில் இல்லை, அவற்றை மாற்றாமல் விட்டுவிடுவோம். பெயரில் ஸ் இருக்கிற பையன்கள் இதனாலேயே சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜூலியஸ் சீசர் தன் கடிதங்களில் மூன்று எழுத்து தள்ளி எழுதிய அதே முறைதான் இது. இதில் ஒன்றும் பெரிய ரகசியம் கிடையாது. பதினெட்டு இடத்தில் ஓர் இடம் பழைய இடமே என்பதால் சாவிகள் மொத்தம் 17. சக்கரத்தை ஒவ்வோர் இடமாகத் திருப்பிப் பார்த்தால் கொஞ்சம் நீளமான சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில்தான் அர்த்தம் வரும், சின்னச் சொல்லுக்குத்தான் ஒன்றுக்கு மேல் வரலாம். சீட்டைக் கண்டெடுத்த அப்பா அந்தப் பெண்ணின் நோட்டிலேயே இருந்த சக்கரத்தை எடுத்துத் திருப்பியிருந்தால் காபி ஆறுவதற்குள் ஒகேனக்கல் வந்திருக்கும்.

தீர்மானத்தில் "பெற்றோருக்குப் புரியாமல் எழுதப் பழக்குவது" என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டாவது பீரியடில் நாங்கள் செய்தது அதற்கு நேர் எதிரானது. எழுதியதை எப்படி உடைப்பது என்றுதான் பார்த்தோம். இதில் தமிழே பிள்ளைகளுக்குக் கை கொடுத்தது. "அர்ரா" என்று ஒரு சொல்லைக் கொடுத்தேன். தமிழில் ர இரட்டிக்காது, எனவே இது மறைத்து எழுதியது என்பது பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. இரட்டித்து வரக்கூடிய எழுத்துகளை மட்டும் வைத்துத் திருப்பிப் பார்த்தார்கள், சாவி மூன்றில் "அப்பா" வந்தது. தருமபுரியை மூன்று இடம் தள்ளினால் "மழுலருழி". இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் உடைத்தார்கள், ஏனென்றால் முதல் எழுத்து ம என்பது எந்தச் சந்தேகத்தையும் எழுப்பவில்லை.

"வல்ரு" என்ற சொல்லில்தான் எனக்கே ஆச்சரியம் காத்திருந்தது. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று மெல்லினமும் அதன் வல்லினமும் தமிழில் ஜோடியாக வரும். நம் எழுத்து வரிசையிலும் அவை பக்கத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. முதலில் வல்லினம், அடுத்த இடத்தில் மெல்லினம். எத்தனை இடம் தள்ளினாலும் இந்தப் பக்கத்து உறவு மாறாது. வல்ரு என்பதில் ல்-க்கு முந்தைய இடம் ர. அப்படியானால் ல்ர என்பது அநேகமாக அந்த ஆறு ஜோடிகளில் ஒன்று. பதினேழு சாவியில் பதினொன்று போய்விட்டது, மிச்சம் ஆறு. ஐந்தில் "பந்து" வந்தது. கடைசி பெஞ்சில் இருந்து, கணக்கில் அதுவரை கை தூக்காத ஒரு பையன் இதைக் கண்டுபிடித்தான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கே அன்றுதான் தெரியும்.

உங்கள் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "ரகசியமாக எழுதும் முறையைப் பலகையில் போட்டு நாற்பது பேருக்குச் சொன்னால் அது என்ன ரகசியம்?" என்று கேட்டாராம். சரியான கேள்வி. 1883ல் ஒகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் ராணுவத் தகவல்களைப் பற்றி எழுதும்போது இதற்குப் பதில் சொல்லிவிட்டார். முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கெடுதல் வரக்கூடாது, சாவி மட்டும்தான் ரகசியமாக இருக்க வேண்டும் என்றார். இன்றைக்கு வங்கிச் செயலி, வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் இருக்கும் குறியாக்க முறைகள் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டவை. யாருக்கும் தெரியாத முறை என்று யாராவது பெருமை பேசினால் சந்தேகப்பட வேண்டும். ஆக, பிள்ளைகள் கற்றது ஒளித்துவைக்கும் வித்தை அல்ல. எது ஒளிய வேண்டும், எது ஒளிய வேண்டியதில்லை என்ற கணக்கைத்தான் கற்றார்கள்.

அப்புறம் பெட்டிக்கு வருகிறேன். "பூட்டைத் திறக்கப் பழக்குகிறார்" என்று வெளியே பேச்சு கிளம்பியது இந்தப் பெட்டியால்தான்.

சாவி ஐந்து என்பதைத் தோழிக்கு எப்படிச் சொல்வது? சீட்டில் எழுதி அனுப்பினால் நடுவில் கை மாற்றுகிறவர் படித்துவிடுவார். அந்தச் சீட்டையும் மறைத்து எழுதலாம் என்றால் அதற்கு இன்னொரு சாவி வேண்டும். இந்த முட்டுச்சந்தில் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிற்க விட்டேன். பிறகு தகரப் பெட்டியை எடுத்தேன். முதல் பெஞ்சு மாணவி பெட்டிக்குள் சீட்டைப் போட்டுத் தன் பூட்டைப் போட்டு அனுப்புகிறாள். சாவி அவளிடமே இருக்கிறது. கடைசி பெஞ்சு மாணவனால் அதைத் திறக்க முடியாது. அவன் திறக்க முயலாமல் தன் பூட்டையும் அதே நாதாங்கியில் மாட்டித் திருப்பி அனுப்புகிறான். அவள் தன் பூட்டை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி அனுப்புகிறாள். இப்போது பெட்டியில் இருப்பது அவனுடைய பூட்டு மட்டும், திறந்து படித்துக்கொள்கிறான். பெட்டி மூன்று தடவை வகுப்பைக் கடந்தது, ஒரு தடவைகூடத் திறந்து கிடக்கவில்லை, எந்தச் சாவியும் கை மாறவில்லை.

சொல்ல எளிது, செய்ய அவ்வளவு எளிதில்லை. கடையில் வாங்கும் பெட்டியின் நாதாங்கித் துளையில் ஒரு பூட்டுதான் நுழையும். அப்போது பூட்டோடு பூட்டைக் கோத்து மாட்டலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார். அப்படிக் கோத்தால் இரண்டில் எதைத் திறந்தாலும் பெட்டி திறந்துகொள்ளும், பாடமே தலைகீழாகிவிடும். இரண்டு பூட்டின் வளைவும் ஒரே துளைக்குள் போக வேண்டும். அதனால் வெல்டிங் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கினேன். இன்னொன்று, விலை குறைந்த பூட்டுகளை ஒரே கடையில் ஒரே மாதிரி வாங்கினால் சில சமயம் ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறந்துவிடுகிறது. வகுப்புக்கு முன்பே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். யாரோ சன்னல் வழியாகப் பார்த்து "வாத்தியார் வேற சாவி போட்டுப் பூட்டைத் திறக்கிறார்" என்று சொன்னது இந்தச் சோதனையைத்தான்.

பெட்டி விளையாட்டு எங்கே தோற்கிறது என்பதையும் பிள்ளைகளே காட்டினார்கள். நடுவில் கை மாற்றுகிற வேலையில் இருந்த பெண், பெட்டியைக் கடைசி பெஞ்சுக்குக் கொண்டுபோகவே இல்லை. தன் பையில் இருந்த சைக்கிள் பூட்டை மாட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முதல் பெஞ்சு மாணவி இரண்டாவது பூட்டைப் பார்த்தாள், அவன் போட்டதுதான் என்று நம்பித் தன் பூட்டைக் கழற்றினாள். சீட்டு நடுவிலேயே படிக்கப்பட்டது. பூட்டு இருக்கிறதா என்று பார்த்தாள், யாருடைய பூட்டு என்று பார்க்கவில்லை. வகுப்பு முழுக்க ஒரே கத்தல். இந்த ஓர் இடத்துக்காகவே நான் இந்தப் பாடத்தை விடமாட்டேன் என்கிறேன். சில உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படம் இருந்தால் போதும், நல்ல தளம் என்று நம்மில் பலர் பணம் கட்டுகிறோம். அந்தப் பூட்டு சொல்வது நடுவில் யாரும் படிக்கவில்லை என்பதை மட்டும்தான். மறுமுனையில் இருப்பவர் யோக்கியமானவரா என்பதற்கு அது சாட்சி இல்லை. மோசடிக்காரனும் தன் தளத்துக்குப் பூட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்துகிறார் என்பது அடுத்த புகார். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எண்களும் தொடர்வரிசைகளும் என்ற பாடத்தைத் திறந்து பாருங்கள். மட்டு எண்கணிதம் அங்கே இருக்கிறது. ஓர் எண்ணை வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. கடிகாரத்தில் பத்து மணிக்கு மேல் ஐந்து மணி நேரம் போனால் மூன்று மணி என்கிறோமே, அதேதான். தேர்வில் கேட்கும் அந்தப் பகுதியைத்தான் மூன்றாவது பீரியடில் பெட்டிக்குப் பதிலாகப் பயன்படுத்தினேன். விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மேன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1976ல் வெளியிட்ட வழி இது. எல்லோர் முன்னாலும் சத்தமாகப் பேசியே இரண்டு பேர் ஒரு ரகசிய எண்ணுக்கு வந்து சேரலாம் என்று காட்டினார்கள். 2015ஆம் ஆண்டின் டூரிங் விருது இதற்காகத்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

பலகையில் இரண்டு எண்கள் எழுதினேன்: 17, 3. எல்லோருக்கும் தெரியும். மீதி 17ஆல் வகுத்து எடுக்க வேண்டும், பெருக்குவது 3ஆல். முதல் பெஞ்சு மாணவி மனதுக்குள் 3 என்று நினைத்துக்கொண்டாள். கடைசி பெஞ்சு மாணவன் 7. இவற்றுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மனசு எண். அவள் மூன்றை மூன்று தடவை பெருக்கினாள்: 27, பதினேழு போக 10. இந்த 10ஐப் பலகையில் எழுதினாள். அவன் மூன்றை ஏழு தடவை பெருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு படியிலும் பதினேழைக் கழித்துக்கொண்டே போகலாம்: 3, 9, 10, 13, 5, 15, 11. பலகையில் 11 எழுதினான். இவை பலகை எண்கள்.

இப்போது அவள் அவனுடைய 11ஐ எடுத்துத் தன் மனசு எண்படி மூன்று தடவை பெருக்கினாள். 11ஐ 11ஆல் பெருக்கினால் 121, மீதி 2. இரண்டைப் பதினொன்றால் பெருக்கினால் 22, மீதி 5. அவன் அவளுடைய 10ஐ ஏழு தடவை பெருக்கினான்: 10, 15, 14, 4, 6, 9, 5. இரண்டு பேரிடமும் 5. ஒருவர் 3 தடவை செய்ததை மற்றவர் 7 தடவை செய்கிறார், எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் மொத்தம் 21 தடவை என்பதால் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். அந்த 5 பலகையில் எங்கும் இல்லை. அந்த 5ஐ வைத்துச் சக்கரத்தைத் திருப்பி எழுதியதுதான் உங்கள் கைக்கு வந்த ஒணேடண்ணன்.

17ஐத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. மீதி எப்போதும் 1க்கும் 16க்கும் நடுவில்தான் வரும், சக்கரத்தில் எல்லாமே நகர்த்தும் சாவிகள். 19 எடுத்திருந்தால் சில சமயம் 18 வரும், பதினெட்டு இடம் நகர்த்தினால் பழைய எழுத்தே திரும்ப வந்து நிற்கும். மனசு எண் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி வைத்தோம். ஒரு பையன் 8 எடுத்தான், பலகையில் 16 வந்தது. 16ஐ எத்தனை தடவை பெருக்கி மீதி எடுத்தாலும் 16 அல்லது 1 என்ற இரண்டே விடைதான். ஒட்டுக்கேட்கிறவர் மனசு எண்ணைத் தேட வேண்டியதே இல்லை, இரண்டு சாவியையும் போட்டுப் பார்த்துவிடலாம். நிஜ உலகில் இந்தக் கோளாறு வராதபடி பகா எண்ணை அதற்கென்றே பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒட்டுக்கேட்கும் வேலை நடு பெஞ்சுக்கு. அவர்களுக்குத் தெரிந்தது 17, 3, 10, 11. மூன்றைத் திரும்பத் திரும்பப் பெருக்கி 16 வரி அட்டவணை போட்டார்கள், 10 மூன்றாவது வரியில் இருந்தது, கதை முடிந்தது. இந்தச் சின்ன எண்ணில் அவர்கள் ஜெயிக்கத்தான் வேண்டும், அப்போதுதான் எண் ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பது உறைக்கும். முன்னோக்கிப் போகக் குறுக்குவழி உண்டு. மூன்றை 1024 தடவை பெருக்க வேண்டுமானால் வர்க்கம், அதன் வர்க்கம், மறுபடி வர்க்கம் என்று பத்தே படியில் போய்விடலாம். பின்னோக்கி வருவதற்கு அப்படி ஒரு குறுக்குவழி பெரிய எண்களில் இன்றைய கணினிகளிடம் இல்லை. இந்த முறையில் நிஜமாகப் பயன்படும் பகா எண் பொதுவாகக் குறைந்தது 2048 பிட் நீளம், அதாவது 617 இலக்கம். 512 பிட் எண்களை உடைத்துவிடலாம் என்று 2015ல் ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டினார்கள், பழைய மென்பொருள்களில் அவை அப்போதும் மிச்சம் இருந்தன.

பூட்டில் நடந்த ஏமாற்று இதிலும் நடக்கும். நடுவில் இருக்கிறவள் தன் மனசு எண் 9 என்று வைத்துக்கொண்டு, 14 என்ற எண்ணை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் "இதுதான் அவர் கொடுத்த எண்" என்று சொல்லிவிட்டாள். முதல் பெஞ்சில் சாவி 7 வந்தது, கடைசி பெஞ்சில் 6 வந்தது. இரண்டும் நடுவில் இருப்பவளுக்குத் தெரியும். ஒவ்வொரு சீட்டையும் திறந்து படித்து, மறு சாவியில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள், இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. கண்டுபிடிக்க ஒரே வழி, நடுவில் இருப்பவர் கை படாத வேறு வழியில் இரண்டு பேரும் ஒத்துப் பார்ப்பது.

வாட்ஸ்அப்பில் இதற்கு வழி இருக்கிறது. ஒருவருடைய விவரப் பக்கத்தில் குறியாக்கம் என்ற வரியைத் தொட்டால் 60 இலக்க எண் வரும். நீங்கள் ஒருவரோடு பேசும் உரையாடலில் உங்கள் போனிலும் அவர் போனிலும் அதே 60 இலக்கம் இருக்க வேண்டும். நேரில் வைத்து ஒத்துப் பார்த்தால் நடுவில் ஆள் இல்லை என்று அர்த்தம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிருக்கும் அப்பாக்கள் வாட்ஸ்அப்பில்தான் வீட்டோடு பேசுகிறார்கள், அந்த எண்ணை ஒருவரும் பார்த்ததில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒத்துப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் வீட்டுப்பாடமாகக் கொடுக்க இருந்தேன். அதற்குள் தீர்மானம் வந்துவிட்டது.

இந்தப் பாடம் எதைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லக் கூடாது. போனில் ஒருத்தன் வங்கியில் இருந்து பேசுகிறேன் என்று சொல்லி ஓடிபி கேட்டு, நாமே படித்துக் காட்டிவிட்டால் 617 இலக்கம் என்ன, ஆறாயிரம் இலக்கம் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அது மனசு எண்ணைப் பலகையில் எழுதுவதற்குச் சமம். இந்த வரியைச் சொன்னது நான் அல்ல, வகுப்பில் ஒரு மாணவி. அவள் வீட்டில் தாத்தாவின் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்துக்காட்டுவது அவள்தான். நம் ஊரில் பல வீடுகளில் நிலைமை இதுதான். போனைப் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள், படித்துச் சொல்வது பிள்ளைகள். எந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவதைத்தான் நீங்கள் தடுத்திருக்கிறீர்கள்.

இந்த வகுப்புக்கு ஒரு கணினிகூடத் தேவைப்படவில்லை. பெட்டியும் பூட்டும் என் கைக்காசு, அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. பெண் பிள்ளை ஒன்று புரியாத சீட்டு வைத்திருந்தால் வீட்டில் பயம் வருவது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில், சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது. கூட்டத்தில் அந்தச் சீட்டு கைக்குக் கை மாறியபோது, பக்கத்து அறையில் அதைப் படிக்கத் தெரிந்த முழு வகுப்பு உட்கார்ந்திருந்தது.

எனவே நான் கேட்பது:

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை மறுபடி எடுத்து ரத்து செய்யுங்கள். ரத்து செய்வதற்கு முன் என்னையும் வகுப்பில் இருந்து இரண்டு மாணவர்களையும் பேச அழையுங்கள். அந்தப் பெண்ணை அழைக்க வேண்டாம், அவள் வேண்டிய அளவு விளக்கம் சொல்லிவிட்டாள். சீட்டில் தப்பாக எதுவும் இல்லை என்று குழுவின் சார்பில் ஒருவர் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இதைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும்.

தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கும் பெட்டி, பூட்டுகள், சக்கரங்களைத் திருப்பித் தாருங்கள். சக்கரங்கள் பிள்ளைகள் வெட்டியவை, அவரவர் பெயர் பின்பக்கம் இருக்கிறது.

மிச்சம் இருக்கும் ஒரு பீரியடை, நடுவில் இருப்பவரைக் கண்டுபிடிக்கும் பகுதியை, அரையாண்டுத் தேர்வுக்கு முன் நடத்த அனுமதி கொடுங்கள். உங்களுக்குத் தயக்கம் இருந்தால் நிபந்தனை போடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். எல்லாச் சீட்டுகளும் செயல்பாட்டு நோட்டில் ஒட்டப்படும், ஒவ்வொன்றுக்கும் கீழே சாவி எழுதப்படும், வகுப்பில் மாணவர் கையில் போன் இருக்காது.

அந்தப் பீரியடுக்குக் குழுவில் இருந்து மூன்று பேராவது வாருங்கள். சும்மா பார்க்க வேண்டாம், நடு பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியைக் கை மாற்றுங்கள். பூட்டும் கொண்டுவாருங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் 60 இலக்க எண்ணை ஒத்துப் பார்க்க எனக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

பதிலை எழுத்தில் கொடுங்கள். சாதாரணத் தமிழிலேயே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்